பிழை வளர்கிறது, வரம்பு சுருங்குகிறது: கருத்துக்கணிப்பின் கணக்கு

2014 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. ஸ்காட்லாந்து பிரிட்டனை விட்டுப் பிரிந்து தனி நாடாக வேண்டுமா என்ற பொதுவாக்கெடுப்புக்கு இன்னும் பதினொரு நாள்தான் இருந்தது. அதுவரை வந்த கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலானவை ‘இல்லை’ தரப்பே முன்னால் இருப்பதாகச் சொல்லிவந்தன. அன்று சண்டே டைம்ஸ் இதழில் வந்த யூகவ் நிறுவனத்தின் கணிப்பு அதைப் புரட்டிப் போட்டது. ‘ஆம்’ 51 சதவீதம், ‘இல்லை’ 49.

மறுநாள் பவுண்டின் மதிப்பு சரிந்தது. புதன்கிழமை பிரதமர் கேமரன், எதிர்க்கட்சித் தலைவர் மிலிபாண்ட், துணைப் பிரதமர் கிளெக் மூவரும் நாடாளுமன்றத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் ஸ்காட்லாந்துக்குக் கிளம்பிப் போனார்கள். அடுத்த வாரம், ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்குக் கூடுதல் அதிகாரம் தருவோம் என்று மூன்று தலைவர்களும் கையெழுத்திட்ட உறுதிமொழி அங்குள்ள ஒரு நாளிதழின் முதல் பக்கத்தில் வந்தது.

இத்தனைக்கும் காரணம் இரண்டு புள்ளி முன்னிலை. அந்த இரண்டு புள்ளி எவ்வளவு உறுதியானது என்று கணக்கிட ஒரு தாளும் பேனாவும் போதும். நமக்கும் தேர்தலுக்குத் தேர்தல் இதே போன்ற எண்கள் வந்து விழுகின்றன என்பதால், இதை ஒரு முறை நிதானமாகப் போட்டுப் பார்த்துவிடலாம்.

யூகவ் கேட்டது 1,084 பேரை. அவர்களில் 47 சதவீதம் பேர் ஆம் என்றார்கள், 45 சதவீதம் பேர் இல்லை என்றார்கள். மீதிப் பேர் முடிவெடுக்காதவர்கள் அல்லது வாக்களிக்கப் போவதில்லை என்றவர்கள். அவர்களைக் கழித்துவிட்டுக் கணக்கிட்டால்தான் 51–49 வரும். ஆகவே அந்தத் தலைப்புச் செய்திக்குப் பின்னால் உண்மையில் நின்றவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர். வசதிக்காக ஆயிரம் என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது ஒரு கற்பனை. ஸ்காட்லாந்தில் சரிபாதிப் பேர் ஆம், சரிபாதிப் பேர் இல்லை என்று இருக்கிறார்கள். நாம் குருட்டாம்போக்கில் ஒருவர் பின் ஒருவராகக் கேட்டுக்கொண்டே போகிறோம். ஆம் என்றால் தரையில் வலப்பக்கம் ஓர் அடி, இல்லை என்றால் இடப்பக்கம் ஓர் அடி வைக்கிறோம். எல்லாரையும் கேட்டு முடிக்கும்போது தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்போம்?

தொடங்கிய இடத்திலேயே நிற்போம் என்று தோன்றும். அப்படி நடப்பது அரிது. வலம் இடம் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டாலும் கொஞ்சம் மிச்சம் விழும். அந்த மிச்சம் எவ்வளவு என்பதைக் கண்டுபிடிக்க ஓர் அழகான வழி இருக்கிறது. நீங்கள் இப்போது 5 அடி தள்ளி நிற்கிறீர்கள். தூரத்தின் வர்க்கம் 25. அடுத்த அடி அப்பால் வைத்தால் 6, அதன் வர்க்கம் 36. இப்பால் வைத்தால் 4, அதன் வர்க்கம் 16. இரண்டின் சராசரி 26. அதாவது முன்பிருந்ததைவிடச் சரியாக ஒன்று கூட. 5-க்குப் பதில் 10 அடியில் நின்று பாருங்கள். 121-ம் 81-ம் சேர்ந்து சராசரி 101. மறுபடியும் ஒன்றுதான் கூடுகிறது. எங்கே நின்றாலும் இதே கதைதான். ஒவ்வொருவரைக் கேட்கும்போதும் தூரத்தின் வர்க்கம் சராசரியாக ஒன்று கூடுகிறது. ஆகவே 100 பேரைக் கேட்டபின் வர்க்கம் 100, தூரம் சுமார் 10 அடி. 10,000 பேரைக் கேட்டபின் வர்க்கம் 10,000, தூரம் சுமார் 100 அடி.

வர்க்கமூலம் இந்தக் கணக்குக்குள் நுழையும் வாசல் இதுதான். பாடப்புத்தகங்களில் சூத்திரம் நேராக வந்து உட்கார்ந்துவிடும், வர்க்கமூலம் ஏன் என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு இந்த அடிக்கணக்கு புரிந்த பிறகுதான் சூத்திரமே புரிந்தது.

தூரம் என்பது ஆம்களுக்கும் இல்லைகளுக்கும் உள்ள வித்தியாசம். 100 பேரில் 55 பேர் ஆம், 45 பேர் இல்லை என்றால் தூரம் 10. சரிபாதியான 50-லிருந்து ஆம்கள் விலகியது அதில் பாதி, 5 பேர். இது வழக்கமான விலகல். கணக்குப் புத்தகத்தில் திட்டப் பிழை என்பார்கள். நூற்றில் 95 தடவை நம் எண் எந்த எல்லைக்குள் நிற்கும் என்று கேட்டால், இந்த விலகலை ஏறக்குறைய இரண்டால், துல்லியமாக 1.96-ஆல், பெருக்க வேண்டும். பாதியாக்கி, பிறகு இரட்டிப்பாக்கினோம் இல்லையா? அதனால் மிக எளிய விதி ஒன்று கிடைக்கிறது. எத்தனை பேரைக் கேட்டோமோ, அதன் வர்க்கமூலம் அளவு ஆட்கள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விலகலாம்.

100 பேரைக் கேட்டால் 10 ஆள் விலகலாம். 400 பேரைக் கேட்டால் 20 ஆள். 2,500 பேருக்கு 50 ஆள். 10,000 பேருக்கு 100 ஆள். இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நிறையப் பேரைக் கேட்கக் கேட்கப் பிழை குறையும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஆட்கணக்கில் பார்த்தால் பிழை குறையவே இல்லை, வளர்ந்துகொண்டே போகிறது. 10 ஆளாக இருந்த தவறு 100 ஆளாகிவிட்டது. ஆனால் கேட்டவர்களின் எண்ணிக்கை அதைவிட வேகமாக வளர்ந்துவிட்டது. 100-ல் 10 என்பது 10 சதவீதம். 400-ல் 20 என்பது 5 சதவீதம். 2,500-ல் 50 என்பது 2 சதவீதம். 10,000-ல் 100 என்பது வெறும் 1 சதவீதம். பிழை மெதுவாக நடக்கிறது, கேட்டவர்களின் கூட்டம், அதாவது மாதிரி, ஓடுகிறது. அந்த இடைவெளியில்தான் பிழை வரம்பு, அதாவது சதவீதத்தில் சொல்லும் விலகல் எல்லை, சுருங்குகிறது.

இதையே சூத்திரமாக எழுதினால் இப்படி வரும்:

```
பிழை வரம்பு = 1.96 × √( p × (1 − p) / n )
```

p என்பது ஆம் சொன்னவர்களின் விகிதம், n என்பது கேட்டவர்களின் எண்ணிக்கை. p பாதியாக இருக்கும்போதுதான் வரம்பு மிகப் பெரிதாக இருக்கும். ஒரு சிறிய கட்சிக்கு 10 சதவீதம் என்று ஆயிரம் பேர் கணிப்பில் வந்தால், அதற்கான வரம்பு சுமார் 1.9 புள்ளி மட்டுமே. கணிப்பின் அடியில் அச்சிடும் ‘பிளஸ் ஆர் மைனஸ் 3’ என்பது 50-க்கு அருகில் உள்ள எண்களுக்கான, மோசமான நிலைக்கான வரம்பு.

சரி, ஸ்காட்லாந்துக்கு வருவோம். ஆயிரத்தின் வர்க்கமூலம் 31.6. சூத்திரப்படி வரம்பு 3.1 புள்ளி. 51 என்ற எண்ணை 48-க்கும் 54-க்கும் இடையில் எங்கோ என்று படிக்க வேண்டும். இதுவரை பல செய்தியாளர்களும் செய்துவிடுவார்கள். சறுக்கல் இதற்கு அடுத்த படியில். அன்று உலகம் பேசியது 51-ஐப் பற்றி அல்ல, 2 புள்ளி முன்னிலையைப் பற்றி. ஆமில் ஒருவர் குறைந்தால் இல்லையில் ஒருவர் கூடுவார். ஆம் 51-லிருந்து 50-க்கு இறங்கினாலே முன்னிலை இரண்டிலிருந்து பூஜ்யமாகிவிடும். எனவே இருமுனைப் போட்டியில் முன்னிலைக்கான வரம்பு இரட்டிப்பு. 3.1 அல்ல, 6.2. அந்த முன்னிலையை நேர்மையாக எழுதினால், ஆம் தரப்பு 8 புள்ளி முன்னால் இருக்கலாம், 4 புள்ளி பின்னாலும் இருக்கலாம். மும்முனை, நான்முனைப் போட்டிகளில் இது முழு இரட்டிப்பாக வராது, ஆனாலும் முதல் இரண்டு கட்சிகளிடமே பெரும்பாலான வாக்கு இருந்தால் அதற்கு மிக அருகில் வந்துவிடும். அச்சிட்ட வரம்பைப் பார்த்துவிட்டு ‘4 புள்ளி முன்னிலை, வரம்பு 3, எனவே முன்னிலை உறுதி’ என்று எழுதுவது நம் ஊரிலும் அடிக்கடி நடக்கிறது. அது தவறு.

அப்படியானால் அந்த 2 புள்ளி முன்னிலையை உறுதியாகச் சொல்ல எத்தனை பேரைக் கேட்டிருக்க வேண்டும்? முன்னிலையின் வரம்பு 2 என்றால் ஒவ்வொரு தரப்பின் வரம்பும் 1 ஆக இருக்க வேண்டும். அதற்கு 9,604 பேர் தேவை. ஆயிரம் பேருக்குப் போதுமான பணத்தைப் போல ஒன்பதரை மடங்கு செலவு. வரம்பைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள், மூன்றில் ஒன்றாக்க ஒன்பது மடங்கு ஆட்கள் என்பது வர்க்கமூலத்தின் விலை. முதல் நூறு பேர் வரம்பைப் பத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அடுத்த தொள்ளாயிரம் பேர் சேர்ந்து அதிலிருந்து ஏழு புள்ளி குறைக்கிறார்கள். அதற்கப்புறம் மூவாயிரம் பேரைச் சேர்த்தாலும் குறைவது ஒன்றரைப் புள்ளிதான். உலகெங்கும் பல கணிப்புகள் ஆயிரத்தைச் சுற்றியே நிற்பதற்கு இதுதான் காரணம்.

‘ஸ்காட்லாந்து சின்ன நாடு, ஆயிரம் போதும். தமிழ்நாட்டில் கோடிக்கணக்கான வாக்காளர்கள், ஆயிரம் எப்படிப் போதும்?’ என்று கேட்பார்கள். சூத்திரத்தை மறுபடி பாருங்கள். அதில் நாட்டின் மக்கள்தொகை எங்கேயும் இல்லை. நம் அடிக்கணக்கிலும் எத்தனை பேர் கேட்கப்படாமல் மிச்சம் இருக்கிறார்கள் என்பது வரவே இல்லை. ரசத்துக்கு உப்புப் போதுமா என்று பார்க்க, வீட்டுச் சட்டியானாலும் கல்யாண அண்டாவானாலும் ஒரு கரண்டிதான் எடுக்கிறோம். நன்றாகக் கலக்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். 43 லட்சம் வாக்காளர்கள் உள்ள ஸ்காட்லாந்துக்கும் கோடிக்கணக்கானவர்கள் உள்ள தமிழ்நாட்டுக்கும் ஆயிரம் பேரின் வரம்பு ஒன்றே. கூட்டம் மிகச் சிறிதாக இருந்தால் மட்டும் வித்தியாசம் தெரியும். 2,000 வாக்காளர் உள்ள ஊரில் 1,000 பேரைக் கேட்டுவிட்டால் வரம்பு 3.1-லிருந்து 2.2 ஆகக் குறையும், பாதி ஊரையே கேட்டுவிட்டோமே.

ஆனால் உள்ளே பிரித்துப் பார்க்கத் தொடங்கினால் கதை மாறும். ஆயிரம் பேரில் இளைஞர்கள் நூறு பேர்தான் என்றால், ‘இளைஞர்களில் 56 சதவீதம் ஆதரவு’ என்ற வரிக்கு வரம்பு 10 புள்ளி. மாவட்டவாரியாகப் பிரித்தால் இன்னும் மோசம். மொத்தத்துக்கான 3 புள்ளி வரம்பை அடியில் போட்டுவிட்டு, மேலே இருபது பேர் முப்பது பேர் கொண்ட பிரிவுகளுக்குச் சதவீதம் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். முப்பது பேருக்கு வரம்பு 18 புள்ளி.

அண்டாவைக் கலக்கியிருக்க வேண்டும் என்றேன். அங்கேதான் உண்மையான கணிப்புகள் சூத்திரத்திலிருந்து நழுவுகின்றன. நேரில் போய்க் கேட்கும் கணிப்புகளில், ஆயிரம் பேரை மாநிலம் முழுக்கத் தனித்தனியாகத் தேடிப் போக முடியாது. ஐம்பது வாக்குச்சாவடிகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் இருபது பேரைக் கேட்பார்கள். ஒரே தெருவில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்கிறார்கள். முதல் ஐந்து பேரிடம் கேட்டவுடனே மீதிப் பதினைந்து பேரின் பதில் ஓரளவு தெரிந்துவிடுகிறது, அவர்கள் புதிதாகச் சொல்வது குறைவு. இதைக் கணக்கிலெடுக்க ஒரு வழி உண்டு. ஒரு சாவடிக்காரர்களின் பதில்களுக்கு இடையே உள்ள ஒற்றுமையை 0 முதல் 1 வரை ஓர் எண்ணால் குறிப்பார்கள். அது 0.1 என்று வைத்துக்கொண்டால், 19-ஐ 0.1-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும். 2.9 வருகிறது. நீங்கள் கேட்ட ஆயிரம் பேர், தனித்தனியாகப் பொறுக்கிய 345 பேருக்குத்தான் சமம். வரம்பு 3.1 அல்ல, 5.3. இதே ஆயிரம் பேரை நூறு சாவடியில் பத்துப் பத்தாகக் கேட்டிருந்தால் 526 பேருக்குச் சமமாக இருந்திருக்கும், வரம்பு 4.3-க்கு வந்திருக்கும். ஆகவே ஒரு கணிப்பைப் பார்த்தால் எத்தனை பேரைக் கேட்டீர்கள் என்பதோடு எத்தனை இடங்களில் கேட்டீர்கள் என்றும் தேடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் தற்செயலால் வரும் பிழை. அது ஆள் கூடக் கூடச் சுருங்கும், மெதுவாகவேனும். ஆள் கூடினால் சுருங்காத இன்னொரு பிழை இருக்கிறது. 1936-ல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் அதிபர் தேர்தலுக்கு ஒரு கோடிப் பேருக்குத் தபால் அனுப்பியது. ஏறக்குறைய 24 லட்சம் பேர் பதில் போட்டார்கள். சூத்திரப்படி வரம்பு 0.06 புள்ளி. குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் 57 சதவீதம் வாங்கி ஜெயிப்பார், ரூஸ்வெல்ட்டுக்கு 43 என்றது இதழ். ரூஸ்வெல்ட் 61 சதவீதம் வாங்கினார். முகவரிகளை எடுத்தது தொலைபேசிப் பட்டியல், கார் பதிவு போன்றவற்றிலிருந்து. பொருளாதார மந்தத்தின் நடுவே போன், கார் வைத்திருந்தவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். அனுப்பிய நால்வரில் ஒருவர் மட்டுமே மெனக்கெட்டுப் பதில் போட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் அடிக்கணக்கில் சொன்னால், அங்கே தரை சாய்ந்திருந்தது. சாய்ந்த தரையில் தூரம் வர்க்கமூலமாக வளராது, நேர்விகிதமாக வளரும். ஆட்களால் வகுத்தாலும் அது அப்படியே நிற்கும்.

இன்றைய கணிப்புகளில் இந்தச் சாய்வு எவ்வளவு? அமெரிக்காவில் 1998 முதல் 2014 வரை நடந்த 608 தேர்தல்களுக்கான 4,221 கணிப்புகளை உண்மை முடிவோடு ஒப்பிட்டு 2018-ல் நான்கு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சராசரிப் பிழை சுமார் 3.5 புள்ளி. அச்சிட்ட வரம்புகளுக்குள் இருக்கும் திட்டப் பிழையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அச்சில் 3 என்று இருந்தால் மனதில் 6 என்று போட்டுக்கொள்வது அதனால் நியாயமான பழக்கம்.

செப்டம்பர் 18-ஆம் தேதி ஸ்காட்லாந்து வாக்களித்தது. ஆம் 44.7, இல்லை 55.3. யூகவின் 51-லிருந்து 6.3 புள்ளி தள்ளி. ஆயிரம் பேருக்கான திட்டப் பிழை 1.6 புள்ளி, அதில் நான்கு மடங்கு விலகல். தற்செயலால் மட்டும் இவ்வளவு வராது. நடுவே பதினொரு நாள் ஓடிவிட்டது, மூன்று தலைவர்களின் உறுதிமொழியும் வந்துவிட்டது, மக்கள் மனம் மாறியிருக்கலாம் என்று சொல்லலாம். அந்தச் சாக்கு இல்லாத இடத்தில் பார்ப்போம். வாக்கெடுப்புக்கு முந்தைய ஓரிரு நாட்களில் ஆறு நிறுவனங்கள் தங்கள் கடைசிக் கணிப்பை வெளியிட்டன. நான்கு நிறுவனங்கள் இல்லை தரப்புக்கு 52 என்றன, இரண்டு நிறுவனங்கள் 53 என்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஆயிரம் பேரையோ அதற்கு மேலோ கேட்டது. எல்லாரையும் ஒற்றை மாதிரியாகச் சேர்த்தால் வரம்பு ஒன்றரைப் புள்ளிக்குள் வந்துவிடும். ஆனால் பிழை மூன்று புள்ளி.

இந்த ஆறு எண்களை வைத்தே இரண்டு விஷயங்களைக் கண்டுபிடிக்கலாம். முதலாவது, ஆறும் உண்மைக்கு ஒரே பக்கம் விழுந்திருக்கின்றன. தற்செயல் மட்டும் வேலை செய்திருந்தால் சில கூடுதலாகவும் சில குறைவாகவும் வந்திருக்கும். ஆறும் ஒரே திசையில் குறைவாக விழுவது, நாணயத்தை ஆறு முறை சுண்டி ஆறு முறையும் பூவே விழுவது போல. 64 தடவையில் ஒரு தடவை நடக்கும். இல்லை என்று வாக்களிக்க நினைத்தவர்கள் எல்லா நிறுவனங்களின் வலையிலிருந்தும் ஏதோ ஒரு வகையில் நழுவியிருக்கிறார்கள், அல்லது கடைசி நேரத்தில் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள்.

இரண்டாவதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. ஆறு எண்களும் ஒன்றோடொன்று அளவுக்கு மீறி ஒத்துப்போகின்றன. தலா ஆயிரம் பேரைக் குருட்டாம்போக்கில் கேட்டிருந்தால், ஆறு கணிப்புகளில் மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் இடையே வழக்கமாக மூன்றரை, நான்கு புள்ளி இடைவெளி இருக்க வேண்டும். ஒன்று 50 என்றும் இன்னொன்று 54 என்றும் சொல்லியிருந்தால் இயல்பு. இங்கே இடைவெளி ஒரு புள்ளி. போன தேர்தலில் யாருக்கு வாக்களித்தார்கள் என்பதைக் கேட்டு, அந்த விகிதத்துக்கு ஏற்ப மாதிரியைத் திருத்துவது அங்கே வழக்கம். அந்தத் திருத்தம் தற்செயலான ஆட்டத்தை நியாயமாகவே அடக்கும். மற்ற நிறுவனங்களின் எண்ணைப் பார்த்துவிட்டுத் தன் எண்ணைச் சற்றே அந்தப் பக்கம் தள்ளுவதாலும் இதே ஒற்றுமை வரும். எண்களை மட்டும் பார்த்து இந்த இரண்டில் எது என்று பிரிக்க முடியாது. எதுவானாலும், ஆறு பேர் ஒரே பதில் சொல்கிறார்கள் என்பதால் ஆறு மடங்கு மாதிரி கிடைத்துவிட்டது என்று எண்ணி வரம்பைச் சுருக்கக் கூடாது. அடுத்த தேர்தலில் ஏழெட்டுக் கணிப்புகள் ஒரே எண்ணைச் சொன்னால், அவற்றை ஒரு தாளில் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையாக எழுதி, முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஆயிரம் பேர் கணிப்புகளில் அது இரண்டு புள்ளிக்கும் கீழே இருந்தால், அங்கே எண்ணப்பட்டது பதில்கள் மட்டும் அல்ல.